வண்டி நின்றாலும் வருமானம் நிற்காது

சென்னையில் உணவு டெலிவரி செய்பவர்களுக்கென்றே ஒரு கம்பெனி மின்சார ஸ்கூட்டர் விற்க வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கற்பனைக் கம்பெனிதான். அதன் பிராண்ட் உத்தியை ஒரே பக்கத்தில் எழுத வேண்டும்.

முதலில், யாருக்கு? ‘டெலிவரி ஊழியர்களுக்கு’ என்று எழுதினால் போதாது. சாயங்காலம் மட்டும் ஓட்டும் கல்லூரி மாணவருக்கு வீட்டிலிருக்கும் பெட்ரோல் வண்டியே போதும். நம் ஆள் முழுநேர ரைடர். நாளைக்கு 120 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று கொள்வோம். லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 45 என்றால் பெட்ரோலுக்கே தினம் சுமார் 270 ரூபாய். மின்சார வண்டிக்கு நாலு யூனிட், யூனிட் 10 ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் 40 ரூபாய்தான்.

மிச்சமாகும் 230 ரூபாயையே விளம்பரமாக்கலாம் என்று தோன்றும். ஆனால் போட்டிக் கம்பெனிகளும் அதையேதான் சொல்லும். ரைடருக்கும் அந்தக் கணக்கு தெரியும். தெரிந்தும் தயங்குகிறார் என்றால் பயம் வேறு: ராத்திரி எட்டு மணிக்கு, ஆர்டர் குவியும்போது வண்டி நின்றுவிட்டால்? பெட்ரோல் வண்டியைத் தெருமுனை மெக்கானிக்கே பார்த்துவிடுவார். இதற்கு சர்வீஸ் சென்டர்தான் கதி. பார்ட்ஸ் வர நாலு நாள் ஆனால் நாலு நாள் வருமானம் போச்சு. தவணை மட்டும் தவறாமல் வரும்.

ஆகவே பக்கத்தின் நடுவில் ஒரே ஒரு வாக்குறுதி: பழுதானால் இரண்டு மணி நேரத்தில் மாற்று வண்டி.

இது சும்மா வராது. ஆயிரம் வண்டி விற்றிருந்து, எந்த நாளிலும் முப்பது வண்டி பட்டறையில் நிற்குமென்றால் முப்பது மாற்று வண்டி வேண்டும். வடகிழக்குப் பருவமழை நாட்களையும் சேர்த்து ஐம்பது என்று வைப்போம். வண்டி ஒரு லட்சம் என்றால் ஐம்பது லட்சம் முடங்கும். சினிமா நட்சத்திரத்துக்குக் கொடுக்க நினைத்த பணத்தை இதில் போடலாம் என்பது என் கட்சி. இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர முடியாத ஊரில் வண்டி விற்பதில்லை என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிட வேண்டும். விற்பனைப் பிரிவு முகம் சுளிக்கும், சுளிக்கட்டும்.

அடுத்தது ரேஞ்ச். சோதனையில் கிடைத்த கிலோமீட்டரை அச்சடிப்பது வழக்கம். முதுகில் பையோடு, சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும்போது அது குறையும். பேட்டரி பழசாக ஆக இன்னும் குறையும். 150 என்று அச்சடித்த வண்டி 110-இல் நின்றால் அன்று ராத்திரியே ரைடர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சேதி பரவிவிடும். இரண்டு வருடம் ஓடிய பேட்டரி நகரத்தில் என்ன தருமோ அந்தச் சின்ன எண்ணையே அச்சடிக்கலாம். அது 120-ஐ எட்டாவிட்டால், மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு எங்கே சார்ஜ் போடுவது என்பதற்கும் கம்பெனிதான் வழி சொல்ல வேண்டும்.

கடைசி வரி அளவுகோல். விளம்பரத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதல்ல, மாதத்துக்கு ஒரு வண்டி சராசரியாக எத்தனை மணி நேரம் ஓடாமல் நின்றது என்பது. நவம்பர் மழையில் மாற்று வண்டி போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகிறதென்றால், மாற்று வண்டிகளைக் கூட்டும்வரை புதிய விற்பனையை நிறுத்திவைக்க வேண்டும்.