நந்தி கல்யாண வீடியோவில் தவிலுக்கு முந்தி வந்த சத்தம்

திருமழபாடி நந்தி கல்யாணம் பற்றிக் குறிப்பு எடுக்கப் போனபோது போனை ஸ்டாண்டில் மாட்டி, கைக்கு எட்டின மட்டும் வீடியோ எடுத்து வந்தேன். பங்குனியில் வைத்தியநாத சுவாமி கோயிலில் நடக்கும் விழா. மாப்பிள்ளை நந்தி கொள்ளிடத்துக்குத் தென்புறம் இருக்கும் திருவையாற்றிலிருந்து வருகிறார், பெண் சுயசாம்பிகை. எனக்கு முக்கியமாக வேண்டியிருந்தது நாதஸ்வரம், தவில். எந்தச் சடங்குக்கு என்ன வாசிக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எழுத நினைத்தேன்.

எடிட்டரில் போட்டால் ஆரம்பம் சரியாக இருந்தது. போகப் போகச் சத்தம் முந்தியது. கூட உட்கார்ந்து பார்த்த தம்பி, "அண்ணே, கை தவில்ல படறதுக்கு முன்னாடியே சத்தம் வந்துடுதே" என்றான். இன்னும் கொஞ்ச தூரம் போனால் தலைகீழ்: கை விழுந்த பிறகு சத்தம். கடைசியில் மறுபடியும் சரியாகிவிட்டது! அதே ஃபைலை போனிலேயே ஓட்டினால் ஒரு குறையும் இல்லை.

முதலில் நான் செய்த வேலை, ஆடியோவை இழுத்து நீட்டிப் பார்த்தது. ஒரு இடத்தில் சேர்ந்தால் இன்னொரு இடத்தில் பிரிந்தது. கோளாறு ஆடியோவில் இல்லவே இல்லை.

காரணம் வெளிச்சம்தான். விநாடிக்கு 30 ஃபிரேம் எடுக்க வேண்டுமானால், ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் அதிகபட்சம் 1/30 விநாடி. இருட்டில் அது போதாது. அதனால் பல போன்கள் தாமாகவே 24-க்கு இறங்கி, ஒவ்வொரு ஃபிரேமையும் 1/24 விநாடி வரை திறந்து வைக்கின்றன. இப்படி வேகம் மாறுவதற்குப் பெயர் வேரியபிள் ஃபிரேம் ரேட். எந்த ஃபிரேம் எத்தனையாவது விநாடிக்கு உரியது என்ற நேரக்குறிப்பு ஃபைலுக்குள்ளேயே இருக்கும். பிளேயர் அதைப் படித்து ஓட்டுவதால் போனில் பிரச்சினை தெரியாது. சில எடிட்டர்களோ நேரக்குறிப்பை விட்டுவிட்டு, சராசரி வேகத்தில் ஃபிரேம்களைச் சம இடைவெளியில் அடுக்கிவிடும்.

முழு எண்களாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். வீடியோ 20 நிமிடம். சரியாக 10-வது நிமிடத்தில் ஊர்வலம் விளக்கைத் தாண்டி 20 விநாடி இருட்டில் போகிறது, அப்போது வேகம் 24. மற்ற 1180 விநாடியும் 30. ஆக 35400 + 480 = 35880 ஃபிரேம். 1200 விநாடியால் வகுத்தால் சராசரி 29.9.

இந்த 29.9-ல் ஓட்டினால், 10-வது நிமிடத்துக்குரிய 18000-வது ஃபிரேம் 602-வது விநாடியில்தான் வரும். படம் 2 விநாடி பின்தங்கிவிட்டது, சத்தம் முந்துகிறது. இருட்டுப் பகுதியின் 480 ஃபிரேமும் 20 விநாடிக்குப் பதிலாக 16 விநாடியில் ஓடிவிடும். இப்போது படம் 2 விநாடி முன்னே. அதன்பின் மெல்ல மெல்லச் சமன் ஆகி, முடிவில் பொருந்திவிடும். நான் பார்த்த கூத்து இதேதான். எடிட்டர் சராசரிக்குப் பதில் 30 என்றே வைத்துக்கொண்டால், இருட்டு வரை எல்லாம் சரியாக இருந்து, அதன்பின் 4 விநாடி விலகி, கடைசி வரை அப்படியே நிற்கும்.

ஆடியோவைத் தனி ரெக்கார்டரில் எடுத்திருந்தால் வேறு ஒரு விலகலும் வரலாம். இரண்டு கருவிகளின் கடிகாரமும் துல்லியமாக ஒன்றாக இருக்காது. ஆனால் அந்த விலகல் ஒரே சீராக வளரும், திரும்பி வராது. அதற்குத்தான் ஆடியோவை நீட்டும் வைத்தியம்.

சந்தேகம் வந்தால் MediaInfo-வில் ஃபைலைத் திறந்து பாருங்கள். `Frame rate mode` என்ற இடத்தில் `Variable` என்று இருக்கும். கீழே குறைந்தபட்ச, அதிகபட்ச வேகமும் வரும். 29.9, 30.1 மாதிரி சின்ன ஆட்டம் போன் வீடியோவில் சகஜம். 24, 30 என்று கிடந்தால் உஷார்.

மாற்றுவதற்கு ffmpeg போதும்:

```
ffmpeg -i nandi.mp4 -r 30 -fps_mode cfr -c:v libx264 -crf 18 -c:a copy nandi_cfr.mp4
```

பழைய பதிப்பாக இருந்தால் `-fps_mode` இருக்கும் இடத்தில் `-vsync` என்று போடவும். இது நேரக்குறிப்பைப் படித்து, இடைவெளி விழுந்த இடத்தில் பக்கத்து ஃபிரேமையே இன்னொரு முறை வைக்கிறது. நம் கணக்கில் விநாடிக்கு 6 வீதம் 120 ஃபிரேம் கூடி, 36000 ஆகும். ஓடும்போது திரையில் `dup=` என்று அந்த எண்ணிக்கை தெரியும். ஆடியோவை அது தொடுவதில்லை. கட்டளை பிடிக்காதவர்கள் HandBrake-ல் `Constant Framerate` தேர்வு செய்யலாம்.

இருட்டுப் பகுதியில் அசைவு லேசாகத் தட்டித் தட்டித் தெரியும். எடுக்காத ஃபிரேமை எங்கிருந்து கொண்டுவருவது? படத்தை `-c copy` என்று அப்படியே நகலெடுத்தால் பயனில்லை, பழைய நேரக்குறிப்பும் கூடவே வந்துவிடும். முக்கியமாக, வெட்டி ஒட்டுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். பாதி வேலை முடிந்தபின் ஃபைலை மாற்றினால், போட்ட வெட்டெல்லாம் இடம் பெயரும். நான் இரண்டு இரவு வேலையை அப்படித்தான் மறுபடி செய்தேன்.

அடுத்த பங்குனிக்கு ஐபோன் கொண்டுபோகிறவர்கள் கேமரா அமைப்பில் `Auto FPS` என்பதை அணைத்துவிட்டுப் போகலாம். படம் கொஞ்சம் இருண்டு வரும். எனக்குத் தவில் கை தெரிந்தால் சரி.