மேடு எது, சதை எது?

ஆள்காட்டி விரலின் கீழ் குரு மேடு, நடுவிரலின் கீழ் சனி, மோதிர விரலின் கீழ் சூரியன், சுண்டு விரலின் கீழ் புதன். கைரேகை பார்ப்பவர்கள் இதில் ஓங்கியிருப்பதைத்தான் முதலில் தேடுவார்கள். உப்பலாக இருப்பதே ஓங்கிய மேடு என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பருத்த கையில் எல்லாமே உப்பல்தான். சனி மேடோ பெரும்பாலான கைகளில் தட்டையாகவே இருக்கும்.

1900-ல் வெளியான நூலில் அமெரிக்கரான வில்லியம் பென்ஹாம் வலியுறுத்திய வழி வேறு. கையைத் தளர்வாக வைத்து, பூதக்கண்ணாடியில் தோலின் நுண்வரிகளைப் பாருங்கள். விரலடியில் மூன்று பக்கத்து வரிகள் கூடி ஒரு சிறு முக்கோணம் தெரியும். அதுதான் மேட்டின் உச்சி. அது விரலின் நடுக்கோட்டுக்கு நேர் கீழே இருந்தால் மேடு தன் இடத்தில் நிற்கிறது. விலகியிருந்தால், விலகிய பக்கத்து மேட்டுக்கே பலம்.

ஒரு கையில் ஆள்காட்டி விரலடி நன்றாக உப்பியிருக்கிறது, நடுவிரலடி தட்டை. ஆனால் குருவின் உச்சியும் சூரியனின் உச்சியும் நடுவிரல் பக்கம் சாய்ந்திருக்கின்றன. பார்த்தவுடன் குரு கை என்போம். இம்முறைப்படி அது சனி கை. நடுவிரல் நீண்டு தடித்திருந்தால் இன்னும் உறுதி. அழுத்தினால் தொய்யும் மேட்டுக்கு மதிப்பெண் குறைவு.

இந்த முக்கோணங்கள் கருவிலேயே உருவாகிவிடுகின்றன என்பது அறிவியல். அவை குணத்தைச் சொல்லும் என்பதற்கு மட்டும் ஆதாரமில்லை.