பக்கம் மாறியது, தலைப்பு மாறவில்லை

ஜிமெயிலில் ஒரு மடலைத் திறந்துவிட்டு, பிரவுசரின் மேலே உள்ள டேப்பைப் பாருங்கள். சற்றுமுன் வரை இன்பாக்ஸ் என்றிருந்த இடத்தில் இப்போது அந்த மடலின் தலைப்பு இருக்கும். பக்கம் புதிதாக இறங்கவில்லை. இருந்தும் டேப்பின் பெயர் மாறிவிட்டது, யாரோ அதற்கென்று நிரல் எழுதியதால்.

பழைய பாணி இணையதளத்தில் இந்த வேலையே கிடையாது. ஒவ்வொரு சொடுக்குக்கும் புதுப் பக்கம் வரும், அதன் தலைப்பும் கூடவே வரும். இன்றைய ஒற்றைப் பக்கச் செயலிகளோ ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மட்டும் மாற்றுகின்றன. நிரலர் மறந்தால் எந்தப் பக்கத்துக்குப் போனாலும் 'முகப்பு' என்றே டேப் சொல்லிக்கொண்டிருக்கும். கண் தெரிந்தவருக்கு இது சின்ன எரிச்சல். திரைவாசிப்பானை நம்பியிருப்பவருக்கு அப்படியல்ல: பக்கம் இறங்கியதும் அது முதலில் வாசிப்பது தலைப்பைத்தான். இங்கே பக்கமே இறங்காததால், இணைப்பை அழுத்தியவருக்கு ஒரு சத்தமும் கேட்காது. தலைப்பை மாற்றினால் மட்டும் அது தானாக வாசித்துவிடாது. அறிவிப்புக்குத் தனி ஏற்பாடு வேண்டும். நெக்ஸ்ட்.ஜேஎஸ் அதைத் தானே செய்கிறது. ஆனால் அது அறிவிக்க முதலில் தேடுவதும் தலைப்பைத்தான்.

ஒரு புத்தகக் கடைச் செயலியை எடுத்துக்கொள்வோம். பட்டியலிலிருந்து ஒரு புத்தகத்துக்குப் போகும்போது எழுத வேண்டியது இரண்டே வரி:

```
history.pushState({}, "", "/books/42");
document.title = "மணிமேகலை – புத்தகக் கடை";
```

முதல் வரியின் நடுவிலுள்ள வெற்று இடம் ஆதியில் தலைப்புக்கென்றே ஒதுக்கப்பட்டது. பெரும்பாலான பிரவுசர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அதனால்தான் தலைப்புக்கு இரண்டாவது வரி.

வரிசையை மாற்றிவிடக் கூடாது. தலைப்பை முதலில் மாற்றினால், வரலாற்றில் பட்டியல் பக்கத்தின் மீது 'மணிமேகலை' என்று ஒட்டிக்கொள்ளும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: கணினியில் பின்செல்லும் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பழைய பக்கங்களின் பட்டியல் விரியும். அதில் முந்தைய பக்கத்தின் மீது இப்போதைய பக்கத்தின் பெயர் இருந்தால், கோளாறு இங்கேதான்.

பின்செல்லும்போதும் தலைப்பு தானாகத் திரும்பாது. `popstate` நிகழ்வைக் கவனித்து, மறுபடியும் எழுத வேண்டும்.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்தவர்களும் சறுக்குவது தாமதத்தில். வாசகர் முதல் புத்தகத்தைத் தொட்டு, அது வருவதற்குள் இரண்டாவதைத் தொடுகிறார். இரண்டாவதன் விவரம் முந்திக்கொண்டு வந்துவிட, முதலாவதன் விவரம் பிறகு வந்து தலைப்பை அழித்து எழுதிவிடுகிறது. திரையில் ஒரு புத்தகம், டேப்பில் வேறொன்று! ஆகவே தலைப்பை எழுதும் முன், வந்த விவரம் இப்போதைய முகவரிக்கு உரியதுதானா என்று நிரல் சரிபார்க்க வேண்டும். வேகமான இணைப்பில் இந்தப் பிழை கண்ணில் படுவது அரிது. பிரவுசரின் டெவலப்பர் கருவியில் இணைய வேகத்தைக் குறைத்து வைத்துச் சோதியுங்கள்.