முற்றுப்புள்ளிக்கு முன்னால் ஓர் இடைவெளி

மனிதர் எழுதியதையும் இயந்திரம் எழுதியதையும் பிரித்துச் சொல்லும் நிரல் ஒன்றை, தரவு அறிவியலில் இப்போதுதான் கால்வைத்தவர்கூட ஒரே மாலையில் எழுதிவிடலாம். அது சொல்வதை நம்பலாமா என்று பார்க்கத்தான் நாள் பிடிக்கும்.

பழகுவதற்கு ஏற்ற தரவு, 2023இல் வெளியான HC3 தொகுப்பு. அதன் ஆங்கிலப் பகுதியில் சுமார் 24,000 கேள்விகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மனிதர்கள் எழுதிய பதிலும் சாட்ஜிபிடி தந்த பதிலும் உண்டு. பெரும்பகுதி ரெடிட்டில் எளிய விளக்கம் கேட்டு மக்கள் போட்ட கேள்விகள். மருத்துவம், நிதி போன்றவற்றுக்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. கேள்விக்கு ஒரு மனிதப் பதில், ஓர் இயந்திரப் பதில் என்று எடுத்துக்கொண்டால் இரு பக்கமும் சமமாக நிற்கும்.

முதல் மாதிரிக்குப் பெரிய நரம்பு வலைப்பின்னல் எதுவும் வேண்டாம். பதிலை இரண்டு முதல் நான்கு எழுத்து நீளமுள்ள துணுக்குகளாக நறுக்கி, எந்தத் துணுக்கு எந்தப் பக்கம் அதிகம் வருகிறது என்று கணக்கெடுத்தால் போதும். இடைவெளியும் நிறுத்தற்குறியும்கூட இங்கே எழுத்துதான். பைதானில் இவ்வளவுதான்:

```python
model = make_pipeline(
    TfidfVectorizer(analyzer="char",
                    ngram_range=(2, 4), min_df=5),
    LogisticRegression(max_iter=1000))
```

ஓட்டிப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எளிதாக வந்துவிடும். கொண்டாடுவதற்கு முன், மாதிரி எந்தத் துணுக்குகளுக்கு அதிக எடை கொடுத்திருக்கிறது என்று பட்டியல் எடுக்க வேண்டும். லாஜிஸ்டிக் ரிக்ரஷனில் ஒவ்வொரு துணுக்குக்கும் ஓர் எடை இருப்பதால் இது சுலபம். மனிதர் பக்கம் முன்வரிசையில் `" ."`, `" ,"` போன்றவை உட்கார்ந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ரெடிட் பதில்களை முன்பு யாரோ சொல் சொல்லாகப் பிரித்துச் சேமித்ததால், முற்றுப்புள்ளிக்கும் காற்புள்ளிக்கும் முன்னால் ஓர் இடைவெளி தங்கிவிட்டது. சாட்ஜிபிடி பதிலில் அது கிடையாது. மாதிரி கற்றுக்கொண்டது மனித நடையை அல்ல, கோப்பின் தழும்பை.

இரு பக்கத்தையும் ஒரே மாதிரி துப்புரவு செய்வதுதான் வழி. குறிகளுக்கு முன்னுள்ள இடைவெளியை நீக்கி, வரிமுறிவுகளைச் சாதாரண இடைவெளியாக்கி, நீளம் துப்புக் கொடுக்காதபடி எல்லாப் பதிலையும் முதல் 100 சொல்லோடு வெட்டிவிடலாம். பிறகு ஒரு சின்னச் சோதனை: எழுத்துகளையெல்லாம் அழித்து, குறிகளையும் இடைவெளிகளையும் மட்டும் விட்டுப் பயிற்சி கொடுங்கள். அப்போதும் மதிப்பெண் பெரிதாக இறங்கவில்லை என்றால், தழும்பு இன்னும் எங்கோ மிச்சமிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

அடுத்தது, தேர்வுக்கு எடுத்துவைக்கும் பகுதி. பதில்களைக் கண்ணை மூடிக் குலுக்கிப் பிரித்தால், ஒரே கேள்வியின் ஒரு பதில் பயிற்சிக்கும் மற்றது தேர்வுக்கும் போய்விடும். கேள்வியின் எண்ணைக் குழுவாகக் கொடுத்து `GroupShuffleSplit` வழியாகப் பிரித்தால் இந்தக் கலப்பு வராது. அதைவிடக் கடுமையான தேர்வும் உண்டு. ரெடிட் பதில்களில் பயிற்சி கொடுத்து மருத்துவப் பிரிவில் சோதிப்பது ஒன்று. வேறொரு மொழி மாதிரியிடம் அதே கேள்விகளைக் கேட்டு வாங்கிய பதில்களில் சோதிப்பது இன்னொன்று. வெளியுலகில் கருவி எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு, எனக்குக் கேட்டால், இந்த எண்கள்தான் நெருக்கமானவை. முதலில் வந்த எண்ணை அறிக்கையில் போடவே கூடாது.

சரியான விடைகளின் விழுக்காடு மட்டும் போதாது என்பதற்கு ஓப்பன்ஏஐ நிறுவனமே சாட்சி. 2023 ஜனவரியில் அது வெளியிட்ட கண்டறியும் கருவி, இயந்திர எழுத்தில் 26 விழுக்காட்டைப் பிடித்தது. மனித எழுத்தில் 9 விழுக்காட்டைத் தவறாக இயந்திரம் என்றது. இவை நிறுவனமே சொன்ன அளவுகள். ஆயிரம் கட்டுரைகளில் நூறு மட்டும் இயந்திரம் எழுதியவை என்று வைத்துக்கொள்வோம். கருவி அவற்றில் 26ஐப் பிடிக்கும். மிச்சமுள்ள 900இல் 81 பேர்மீது வீண்பழி விழும். மாட்டிய 107 பேரில் முக்கால்வாசிப் பேர் நிரபராதிகள்! துல்லியம் போதவில்லை என்று அந்த ஜூலையிலேயே கருவியை நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே மாதிரி தரும் நிகழ்தகவை 0.5இல் வெட்டுவது வெறும் பழக்கம். தனியாக எடுத்துவைத்த மனிதப் பதில்களில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் மாட்டாத அளவுக்கு வரம்பை உயர்த்தி, அந்த இடத்தில் இயந்திர எழுத்து எவ்வளவு பிடிபடுகிறது என்று சொல்வதே நேர்மையான அளவு.

அந்த ஒன்று யார் தலையில் விழுகிறது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அக்கருவிகள் இயந்திரம் எழுதியவை என்றன. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகளிலோ பிழை மிகக் குறைவு. சொல்வளம் குறைவான, எளிய ஆங்கிலம் கணிக்க எளிது. கணிக்க எளிதானதை இயந்திரம் என்று நினைப்பதே அத்தகைய கருவிகள் பலவற்றின் அடிப்படை. நம்முடைய துணுக்கு மாதிரி வேறு வழியில் வேலை செய்தாலும், மொத்தத் தேர்வில் ஒரு விழுக்காடாகத் தெரியும் பிழை இவர்களிடம் பல மடங்காக இருக்கலாம். இவர்களுடைய எழுத்தைத் தனியாகச் சேர்த்து ஓட்டிப் பார்க்காதவரை அது வெளியே தெரியாது.