மானாவாரி உளுந்து: விதைக்கும் பதம் எது?

புரட்டாசியில் முதல் மழை விழுந்ததுமே கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில் விதைப்புப் பேச்சு தொடங்கிவிடும். வேளாண் அலுவலராக நான் சொல்வது: மேகத்தைப் பார்க்காதீர்கள், மண்ணைத் தோண்டிப் பாருங்கள். மேல்மண் மட்டும் நனைந்திருக்கும்போது விதைத்தால் உளுந்து முளைத்துவிடும். அடியில் ஈரம் இல்லாததால் அடுத்த வெயிலிலேயே கருகிவிடும். விதைக்காசு போய், மறுவிதைப்புக்கு அலைய வேண்டும்.

ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துப் பிடியுங்கள். உருண்டையாகவே வராமல் உதிர்ந்தால் இன்னொரு மழைக்குக் காத்திருங்கள். கையில் பிசுபிசுவென ஒட்டினால் ஓரிரு நாள் காயவிடுங்கள். சேற்றில் விழுந்த விதை அழுகிவிடும். உருண்டு, கீழே போட்டதும் உடைந்தால் அதுதான் பதம். அன்றே ஏக்கருக்கு 8 கிலோ விதையை இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் விதைத்துவிடுங்கள். கரிசல் காயத் தொடங்கினால் சீக்கிரம் இறுகிவிடும்.

அதற்காக ஐப்பசி முடியும்வரை காத்திருக்கவும் கூடாது. அக்டோபர் தொடக்கத்தில் விதைத்த 70 நாள் ரகம் நவம்பர் மழையில் பூத்துக் காய்பிடிக்கும். ஒரு மாதம் தள்ளி விதைத்தால், மழை ஓயும் மார்கழியில்தான் காய் முற்றும், மணி சிறுத்துப்போகும்.