நடுவில் தள்ளினால் அடங்காத அதிர்வு

இரு முனைகளிலும் தாங்கி வைத்த ஒரு மெல்லிய எஃகுச் சட்டம் அதிர்கிறது. அதை அடக்க, சட்டத்தை மேலும் கீழும் தள்ளும் இயக்கி ஒன்றே ஒன்றுதான் கையில் இருக்கிறது. அதை எங்கே பொருத்தலாம்? நடுவில் என்றுதான் முதலில் தோன்றும்.

ஆனால் சட்டம் ஒரே மாதிரி அதிர்வதில்லை. முதல் வடிவத்தில் முழுச் சட்டமும் ஒரே வில்லாக வளைகிறது. இரண்டாம் வடிவத்தில் ஒரு பாதி மேலே போனால் மறு பாதி கீழே வருகிறது. நடுப்புள்ளி அசைவதே இல்லை. அங்கே எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் இரண்டாம் வடிவத்தைத் தொட முடியாது.

ஒரு நிலையை அடைய முடியுமா முடியாதா என்று சொல்லும் சோதனையை ருடால்ஃப் கால்மன் 1960 வாக்கில் வகுத்தார். நடுவிலிருந்து ஒரு மயிரிழை தள்ளி இயக்கியை வைத்தாலும் இரண்டாம் வடிவம் அந்தச் சோதனையில் தேறிவிடும். அதற்கு எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதைச் சொல்வது கட்டுப்பாட்டு கிராமியன் என்ற அணி. குறிப்பிட்ட அளவு உழைப்புக்குள் எட்டக்கூடிய நிலைகளையெல்லாம் சேர்த்தால் நசுங்கிய பந்து போல ஒரு வடிவம் கிடைக்கும். பந்து நீண்டிருக்கும் திசையில் போவது எளிது, ஒடுங்கிய திசையில் போவது கடினம். கிராமியனின் தலைகீழ் அணி, ஒரு நிலைக்குத் தேவையான குறைந்தபட்ச உழைப்பைக் கணக்கிட்டுத் தரும். உழைப்பு என்பது இங்கே, விசையின் வர்க்கத்தைக் காலம் முழுவதும் கூட்டிய தொகை.

அதிர்வு மெதுவாகத் தணியும் சட்டத்தில், வடிவத்துக்கு ஒன்றாக மதிப்புகளைத் தனித்தனியே பார்க்கலாம். இயக்கி இருக்கும் இடத்தில் அந்த வடிவம் எவ்வளவு அசைகிறதோ, அதன் வர்க்கத்துக்கேற்ப மதிப்பு அமையும். மூன்று வடிவங்களுக்கும் சம முக்கியத்துவம் கொடுத்து, அதிகபட்ச அசைவை 1 எனக் கொள்வோம். நீளத்தின் 0.45-இல் இயக்கியை வைத்தால் இரண்டாம் வடிவத்தின் மதிப்பு சுமார் 0.095. கால் பங்கில் வைத்தால் 1. அதாவது 0.45-இல் அதே வேலைக்கு ஏறக்குறைய பத்து மடங்கு உழைப்பு வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு பொறி உண்டு. மூன்று மதிப்புகளையும் கூட்டி, தொகை பெரிதாக வரும் இடமே நல்லது என்று சிலர் முடிவு செய்வார்கள். நடுவில் அவை 1, 0, 1. கால் பங்கில் 0.5, 1, 0.5. கூட்டினால் இரண்டுக்கும் 2 தான் வரும். நடுவில் ஒரு வடிவம் முற்றிலும் கைவிட்டுப் போயிருப்பதைத் தொகை காட்டிக்கொடுக்காது. மிகச் சிறிய மதிப்பைப் பார்த்தால்தான் அது பிடிபடும். அந்த அளவுகோலில் இந்த மூன்று வடிவங்களுக்கும் கால் பங்கே மிகச் சிறந்த இடம்.

நான்காம் வடிவத்தையும் கணக்கில் சேர்த்தால் கதை மாறிவிடும். அது கால் பங்கில் அசையாது. நான்குக்கும் சேர்த்துப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு பொருத்தமாகிறது. ஆனால் அங்கே மிகச் சிறிய மதிப்பு 0.5-இலிருந்து 0.35 அளவுக்கு இறங்கிவிடும். எத்தனை வடிவங்களை அடக்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்த பிறகே, சட்டத்தில் துளை போட வேண்டும்.