புத்தகத்தை மூடிவிட்டுப் படி

பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வு நெருங்குகிறது. தோழிகள் இருவர் பேசிக்கொள்கிறார்கள்.

“இதயப் பாடத்தை நாலு தடவை படிச்சும், எழுத உட்கார்ந்தா மறந்துடுதுடி. பயமா இருக்கு.”

“பார்த்துப் படிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும். புத்தகத்தை மூடிட்டு, ரத்தம் போற வழியை எழுது பார்ப்போம்.”

அவள் எழுதினாள்: வலது ஆரிக்கிள், வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல், இடது வெண்ட்ரிக்கிள்.

“நுரையீரல்லேர்ந்து ரத்தம் முதல்ல இடது ஆரிக்கிளுக்குத்தானே வரும்? அதை விட்டுட்டே. விட்டதைச் சிவப்பு மையில குறிச்சுக்கோ. நாளைக்குப் பார்க்காம மறுபடி முழுசா எழுது. அப்புறம் மூணு நாள் கழிச்சு.”

“அதுக்குள்ள மறந்துட்டா?”

“கொஞ்சம் மறக்கட்டும். யோசிச்சு வரவழைச்சாத்தான் மனசுல நிக்கும். ஒண்ணுமே வரலேன்னா, இடைவெளியைக் குறைச்சுக்கோ.”